பதிவுப் பெயரும் வீட்டுப் பெயரும்: சின்னப் பாத்திரங்களுக்குப் பெயர் வைத்த கதை



சென்ற மாதம் நமது வானொலியில் நான் வழங்கிய உரையை எழுத்தில் தரும்படி சிலர் கேட்டிருந்தீர்கள். ஒலிபரப்பில் நேரம் போதாமல் விட்ட சில விடயங்களையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

இந்த உரைக்குக் காரணம் 150 துணிப்பைகள். மெல்பேர்ணில் நான் உதவி செய்யும் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில், பிள்ளைகளைக் கவர ஒரு சின்னப் பாத்திரம் வேண்டும் என்று தீர்மானித்தோம். பச்சைக் கிளி என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். பெயரை எங்கள் மூத்த ஆசிரியர் ஒருவர் சொன்னார். அவரை நாங்கள் மாஸ்ரர் என்றுதான் அழைப்போம். ‘கிள்ளை’ என்றார். கிளிக்குரிய நல்ல இலக்கியச் சொல். யாரும் மறுப்புச் சொல்லவில்லை. சுவரொட்டி, ரீ சேர்ட், துணிப்பை எல்லாவற்றிலும் கிளியின் படத்துக்குக் கீழே அந்தப் பெயரைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் அச்சடித்துவிட்டோம்.

முதல் நாளே ஒரு தாய் பையைத் திருப்பிக் கொண்டுவந்தார். பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் அதன் முதல் நான்கு எழுத்துகளும் ‘கொல்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லாக நிற்கின்றன. தமிழ் எழுத்தை வாசிக்கத் தெரியாத பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கண்ணில் முதலில் படுவதும் அதுதான். பைகள் பெட்டியிலேயே தங்கிவிட்டன. பணம் பெற்றோர் கொடுத்த நன்கொடை. மாஸ்ரருக்கோ மனம் நொந்துவிட்டது.

மற்றவர்கள் இந்த வேலையை எப்படிச் செய்தார்கள் என்று அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். அச்சடிக்கும் முன்னரே படித்திருக்க வேண்டும். படித்தவற்றில் இரண்டு கதைகளை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலாவது பிரான்சு நாட்டுக் கதை. 1894ஆம் ஆண்டு லியோன் நகரக் கண்காட்சியில் மிஷலின் சகோதரர்கள் தங்கள் ரயர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். அந்த அடுக்குக்குக் கைகள் இருந்தால் மனிதன் போலிருக்குமே என்றார் தம்பி எதுவார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1898இல், ஓ’கலோப் என்ற ஓவியர் அந்த மனிதனைச் சுவரொட்டியாக வரைந்தார். ஆணிகளும் கண்ணாடித் துண்டுகளும் நிறைந்த கிண்ணத்தை ஏந்தி விருந்து மேசையில் நிற்கும் ரயர் மனிதன் அவன். தெருவில் கிடக்கும் தடைகளை எங்கள் ரயர் குடித்துவிடும் என்பது கருத்து. மேலே, உரோமானியக் கவிஞர் ஓராசின் இலத்தீன் தொடர் ஒன்றைப் போட்டார்கள். அதன் கடைசிச் சொல் ‘பிபெண்டும்’. குடிக்க வேண்டியது என்பதுபோலப் பொருள். விரைவில் அந்தச் சொல்லே ரயர் மனிதனின் பெயராகிவிட்டது.

படித்தவர்களைப் புன்னகைக்க வைக்கும் பெயர்தான். ஆனால் நமது பிள்ளைகளிடம் ‘பிபெண்டும் யார்?’ என்று கேட்டுப் பாருங்கள். தெரியாது. படத்தைக் காட்டினால் ‘மிஷலின் மனிதன்’ என்பார்கள். ஆங்கிலம் பேசும் நாடுகளில் படம் நின்றது, பெயர் நிற்கவில்லை. நிறுவனத்தின் பெயரே அந்த இடத்துக்கு வந்துவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள்கூட முழுப் பெயரை எப்போதும் சொல்வதில்லை. ‘பிப்’ என்று சுருக்கிவிட்டார்கள். நல்ல சாப்பாட்டை நியாயமான விலையில் தரும் உணவகங்களுக்கு மிஷலின் வழிகாட்டி நூல் 1997 முதல் கொடுத்துவரும் அடையாளத்தின் பெயரிலும் அந்தச் சுருக்கமே இருக்கிறது. வாய் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை உதிர்த்துவிடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

இரண்டாவது கதை பம்பாயில் நடக்கிறது. ஏசியன் பெயின்ட்ஸ் நிறுவனத்தை 1942இல் நான்கு நண்பர்கள் தொடங்கினார்கள். நகரத்துப் பெரிய வணிகர்கள் வெளிநாட்டு நிறுவனங்களின் பக்கம் நின்றதால், இவர்கள் சிற்றூர்க் கடைகளைத் தேடிப்போய், சிறிய டப்பாக்களில் வர்ணம் விற்றார்கள். 1951ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிவு பெற்றோர் 18 விழுக்காடு அளவே. டப்பாவில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரியாதவருக்கும் தெரியக்கூடிய ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. அதனால் 1954இல் ஆர். கே. லக்ஷ்மணிடம் போனார்கள். மைசூரில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்த அதே கேலிச்சித்திரக்காரர்தான். அவர் ஒரு குறும்புக்காரப் பையனை வரைந்தார். ஒரு கையில் வர்ண டப்பா, மறு கையில் தூரிகை, நெற்றியில் இருந்து கண்ணுக்கு மேல் விழும் முடிக்கற்றை.

நிறுவனத்தார் பெயரைத் தாங்களே வைக்கவில்லை. 500 ரூபாய் பரிசு அறிவித்து மக்களிடம் கேட்டார்கள். 47,000க்கு மேற்பட்ட பெயர்கள் வந்தன என்று சொல்லப்படுகிறது. பம்பாயைச் சேர்ந்த இருவர் தனித்தனியாக ஒரே பெயரை எழுதியிருந்தார்கள். அந்தப் பெயர்தான் ‘கட்டு’. முதல் எழுத்தை ‘காந்தி’ என்னும்போது ஒலிப்பதுபோல ஒலித்துக்கொள்ளுங்கள். பரிசு இருவருக்கும் பகிரப்பட்டது.

என்னை யோசிக்க வைத்தது இந்த இடந்தான். ஒருவரையொருவர் கேளாமல் இருவர் ஒரே பெயரை எழுதுகிறார்கள் என்றால், அந்தப் பெயர் ஏற்கெனவே அந்த நகரத்தின் காற்றில் இருந்திருக்கிறது. அடுத்த வீட்டுக் குறும்பனை அவன் பாட்டி வாசலில் நின்று கூப்பிடும் தொனி அதில் இருக்கிறது. இரண்டே அசைகள். நடுவில் அழுத்தமான இரட்டை மெய். கடைசியில் வாய் குவியும் உகரம். அகராதியைப் பார்த்துத் தேடி எடுத்த பெயர் அல்ல.

நமது வீடுகளிலும் ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர்கள் உண்டல்லவா? பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், முற்றத்தில் இன்னொரு பெயர். ‘பிபெண்டும்’ பதிவுப் பெயர். ‘கட்டு’ வீட்டுப் பெயர். பிள்ளைகள் மனதில் வைத்திருப்பது வீட்டுப் பெயரைத்தான். எங்கள் ‘கிள்ளை’ எவ்வளவு அழகானதென்றாலும் பதிவுப் பெயர்தான்.

ஆனால் ‘கட்டு’வுக்கும் ஓர் எல்லை உண்டு. மேலே நான் அதை எப்படி ஒலிப்பது என்று விளக்க வேண்டி வந்ததைக் கவனித்தீர்களா? தமிழில் எழுதியவுடன் அது விறகுக் கட்டு ஆகிவிடுகிறது. தெலுங்கில் அதே ஒலி கரை, மேடு என்று பொருள்படும். மராத்தியும் குசராத்தியும் புழங்கிய பம்பாய்த் தெருவில் தானாக ஒட்டிக்கொண்ட பெயருக்கு, எழுத்து மாறியதும் துணைக்கு ஓர் ஆள் தேவைப்படுகிறது. எங்கள் கிளியும் இப்படித்தான் தடுக்கி விழுந்தது. எங்களைப் போல இரண்டு எழுத்துகளுக்கு நடுவே வாழ்பவர்கள் பெயரை இரண்டிலும் சோதித்துப் பார்த்தே ஆகவேண்டும்.

இனி எங்கள் பள்ளிக்குத் திரும்புகிறேன். இரண்டாம் முறை அச்சகத்துக்குப் போகும் முன் மூன்று காரியங்கள் செய்தோம். முதலில், கிளியின் படத்தைப் பாலர் வகுப்பில் காட்டி, ஒரு வாரத்துக்கு ஒரு பெயராக, ஒரே ஒரு முறை சொன்னோம். அடுத்த சனிக்கிழமை படத்தை மட்டும் காட்டி, ‘இவர் ஆர்?’ என்று கேட்டோம். ‘அறிவழகன்’ என்ற பெயரை ஒருவரும் சொல்லவில்லை. ‘கிள்ளை’யைச் சிலர் ‘கிளி’ என்றார்கள், சிலர் ‘பிள்ளை’ என்றார்கள்.

அடுத்ததாக, பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெயரை வாயால் சொல்லி எழுதச் சொன்னோம். ‘கில்லை’, ‘கிழ்ழை’ என்றெல்லாம் வந்தன. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு லகர ளகர ழகர வேறுபாடு எவ்வளவு சிரமம் என்பது உங்களுக்குத் தெரியும். சின்னத்தின் பெயரை எழுதத் தெரியாத பிள்ளை அதைத் தன் கொப்பியில் எழுதி விளையாடாது.

மூன்றாவதாக, ஆங்கில எழுத்தில் எழுதிய பெயரைத் தமிழ் தெரியாத அயலவரின் பிள்ளைகளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னோம். அவர்கள் வாசிப்பதும் நாம் சொல்வதும் ஒத்துப்போக வேண்டும். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடித்ததற்கு நாங்கள் கொடுத்த விலை 150 பைகள்.

பெயர் கடைசியில் நாங்கள் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. பாலர் வகுப்பில் ஒரு சிறுமி பெயரை மறந்துவிட்டு, ‘அந்தக் கீச்சு எங்கே ரீச்சர்?’ என்று கேட்டாள். கிளியின் சத்தம் அது. மற்றப் பிள்ளைகளும் உடனே பிடித்துக்கொண்டார்கள். ளகரமும் ழகரமும் இல்லை. எங்கள் மூன்று சோதனைகளிலும் தேறியது. அயலவரின் பிள்ளைகளும் சரியாகவே வாசித்தார்கள். இந்த ஊருக்கும் அது பொருத்தமாக இருந்தது. 1930இல் இதே மெல்பேர்ணில் மக்ரொபேர்ட்சன் ஆலையில் பிறந்த சொக்கிலேற் தவளைக்கு ‘ஃபிரெட்டோ’ என்று பெயர். ஜோனை ‘ஜோனோ’ என்றும் டேவை ‘டேவோ’ என்றும் நண்பர்கள் கூப்பிடும் இந்நாட்டு வழக்கத்தின் சாயல் அதில் இருக்கிறது. அதுவும் வீட்டுப் பெயர்தான்.

மாஸ்ரரிடம் யார் சொல்வது என்று எல்லோரும் தயங்கினோம். நான் போனேன். கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “என்னை அம்மா ஒருநாளும் என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, தம்பி. கிள்ளை சான்றிதழிலை இருக்கட்டும். கீச்சு எண்டு கூப்பிடுங்கோ” என்றார். இப்போது பள்ளிச் சான்றிதழ்களில் சிறிய எழுத்தில் ‘கிள்ளை’ என்றும், மற்ற எல்லாவற்றிலும் ‘கீச்சு’ என்றும் இருக்கிறது.

இன்னும் ஒன்று. பெயர் ஒட்டுவதற்குப் படமும் மாறாமல் இருக்க வேண்டும். எங்கள் முதல் சுவரொட்டியில் கிளிக்குச் சிவப்பு மூக்கு, பையில் மஞ்சள் மூக்கு. வரைந்தவர்கள் வேறு வேறு ஆட்கள். இப்போது ஒரே மூலப்படம் வைத்திருக்கிறோம். பெயர் எப்போதும் காலடியில்தான் வரும். லக்ஷ்மணின் பையனை முடிக்கற்றை காட்டிக்கொடுத்ததுபோல எங்கள் கிளியை நிமிர்ந்த கொண்டை காட்டிக்கொடுக்கிறது.

நன்றாக ஒட்டிய பெயரைப் பிறகு கழற்றுவதும் எளிதல்ல. ஏசியன் பெயின்ட்ஸ் வர்ண டப்பாவிலிருந்து வீட்டு அழகை நோக்கித் தன் முகத்தை மாற்றிக்கொண்டபோது, டப்பாவும் தூரிகையும் ஏந்திய பையனுக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. 2002இல் அவனுக்கு விடைகொடுத்தார்கள். ஆனால் அவனோடு வளர்ந்தவர்களைக் கேட்டால் இன்றைக்கும் பெயரைச் சொல்லிவிடுவார்கள்.

துணிப்பைகள் வீணாகவில்லை. பழைய பெயரின் மேல் துணி ஒட்டி, அதில் ‘கீச்சு’ என்று பிள்ளைகளே தங்கள் கையெழுத்தில் எழுதினார்கள். ஒருவரும் பிழைவிடவில்லை.