விற்ற பங்கு கைமாறும் நாள்: இந்தியப் பங்குச் சந்தைத் தீர்வின் கதை, 1963–2024

பங்குச் சந்தையில் ஒரு வணிகம் முடிவது வேறு, அந்த வணிகம் தீர்வது வேறு. விலை ஒத்துப்போன நொடியில் ஒப்பந்தம் உருவாகிவிடுகிறது. பங்கு வாங்கியவரின் உடைமையாவதும், பணம் விற்றவரின் கைக்கு வருவதும் பிறிதொரு நாளில் நடைபெறுகின்றன. இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளி இந்தியாவில் முன்பு வாரக்கணக்கில் இருந்தது. இன்று ஒரே நாளாகச் சுருங்கியிருக்கிறது. அது ஏன் அவ்வளவு நீண்டது, எவ்வாறு குறைந்தது, ஏன் இன்னும் முற்றிலும் மறையவில்லை என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை, தீர்வு என்னும் வேலையின் உள்ளமைப்பில் இருக்கிறது.

1990-களின் தொடக்கத்துப் பெங்களூரு இதற்கு நல்ல சான்று. 1963-இல் அரசின் ஏற்பைப் பெற்ற பெங்களூரு பங்குச் சந்தை ஜே.சி. சாலையில் இயங்கிவந்தது. காக்ஸ் டவுனை ஒட்டிய ஜீவனஹள்ளியில் வசித்த ஒருவர் தம்மிடமிருந்த 100 பங்குகளை அங்கு ஒரு தரகர் வழியாக விற்றதாகக் கொள்வோம். அவருடைய உடைமை என்பது பெட்டியில் இருந்த ஒரு காகிதச் சான்றிதழும், நிறுவனத்தின் உறுப்பினர் பதிவேட்டில் இருந்த ஒரு வரியுமே ஆகும். விற்பதற்கு அவர் சான்றிதழுடன் பங்கு மாற்றுப் படிவத்தில் கையொப்பமிட்டுத் தரகரிடம் கொடுக்கவேண்டும். தரகர் அதைச் சந்தையின் தீர்வகத்தில் ஒப்படைப்பார். அங்கிருந்து அது வாங்கியவரின் தரகருக்கும், பின்னர் வாங்கியவருக்கும் செல்லும். வாங்கியவர் நூற்றுக்கு 50 காசு வீதம் முத்திரைத் தீர்வை ஒட்டி, நிறுவனத்தின் பதிவாளருக்கு அனுப்பவேண்டும். பதிவாளர் பெயரை மாற்றிச் சான்றிதழைத் திருப்பித் தர 1956-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் இரண்டு மாத அவகாசம் அளித்திருந்தது.

இந்தச் சங்கிலியில் எளிதில் அறுபடும் கண்ணி கையொப்பம். பல ஆண்டுகளுக்கு முன் நிறுவனத்திடம் பதிந்திருந்த கையொப்பமும் படிவத்தில் இருந்ததும் பொருந்தவில்லை என்று பதிவாளர் கருதினால், சான்றிதழ் வந்த வழியே திரும்பும். சந்தை மொழியில் இதற்குப் 'பேட் டெலிவரி' என்று பெயர். வாங்கியவர் தம் தரகரிடமும், அவர் விற்றவரின் தரகரிடமும், அவர் ஜீவனஹள்ளிக்காரரிடமும் முறையிடவேண்டும். இதற்குள் நிறுவனம் ஈவுத்தொகை அறிவித்திருந்தால், அது பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கே போய்ச்சேரும்; அதாவது, பங்கை முன்பே விற்றுப் பணமும் பெற்றுவிட்டவருக்கு. அஞ்சலில் தொலைந்த சான்றிதழ்களும் போலிச் சான்றிதழ்களும் இவற்றோடு சேர்ந்துகொண்டன. இது இந்தியாவுக்கு மட்டும் நேர்ந்த இடரன்று. 1968-இல் நியூயார்க் பங்குச் சந்தை, தேங்கிய காகிதங்களைத் தீர்ப்பதற்காகவே புதன்கிழமைகளில் வணிகத்தை நிறுத்திவைத்தது.

எனினும் காலதாமதத்துக்குக் காகிதம் மட்டுமே காரணம் அன்று. அக்காலச் சந்தைகள் 'கணக்குக் காலம்' என்னும் முறையைப் பின்பற்றின. ஒரு வாரமோ இரு வாரமோ நடந்த வணிகங்கள் அனைத்தும் ஒன்றாகத் திரட்டப்பட்டு, காலத்தின் இறுதியில் எஞ்சிய நிகரத்துக்கு மட்டும் பங்கும் பணமும் கைமாறின. நிகரம் காண்பதில் உள்ள ஆதாயத்தை ஒரு சிறு கணக்கு விளக்கும்.

முருகன், பசவராஜ், சலீம் என்று மூன்று தரகர்களைக் கற்பனை செய்வோம். முருகன் 1,000 பங்குகளை 100 ரூபாய்க்குப் பசவராஜிடம் விற்கிறார். பசவராஜ் அவற்றில் 800-ஐ 102 ரூபாய்க்குச் சலீமிடம் விற்கிறார். சலீம் 500-ஐ 101 ரூபாய்க்கு முருகனிடமே விற்கிறார். தனித்தனியாகத் தீர்த்தால் 2,300 பங்குகளும் 2,32,100 ரூபாயும் கைமாறவேண்டும். நிகரம் கண்டால் முருகன் 500 பங்குகள் தரவேண்டும். பசவராஜ் 200-ம் சலீம் 300-ம் பெறவேண்டும். பணத்தில் பசவராஜ் 18,400 ரூபாயும் சலீம் 31,100 ரூபாயும் செலுத்த, முருகன் 49,500 ரூபாய் பெறுகிறார். 500 பங்குகளும் 49,500 ரூபாயும் நகர்ந்தாலே மூன்று வணிகங்களும் தீர்ந்துவிடுகின்றன. காலம் நீள நீள, ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும் வணிகங்கள் பெருகும். நகரவேண்டிய பணம் குறையும். தாமதம் சந்தைக்கு அளித்த உண்மையான பயன் இதுவே.

அதே பயனில்தான் ஆபத்தும் ஒளிந்திருந்தது. வாரக் கடைசியில்தான் பணம் தரவேண்டும் என்றால், வாரத் தொடக்கத்தில் கையில் பணமின்றியே வாங்கலாம். கணக்குக் காலம் முடியும் நாளில் வட்டி கொடுத்து அடுத்த காலத்துக்குத் தள்ளிவைக்கும் வழக்கத்துக்குப் 'பட்லா' என்று பெயர். தேசியப் பங்குச் சந்தையின் வாரம் புதன் முதல் செவ்வாய் வரை. மும்பைப் பங்குச் சந்தையின் வாரம் திங்கள் முதல் வெள்ளி வரை. வெள்ளியன்று மும்பைச் சந்தையில் விற்றுத் தேசியச் சந்தையில் வாங்கி, செவ்வாயன்று இதைத் திருப்பிச் செய்தால், ஒரு பங்கையும் பெறாமல், முழு விலையும் கொடுக்காமல் ஒருவர் தம் நிலையை நீட்டித்துக்கொண்டே போகலாம். விலை ஏறும்வரை இது தெரிவதில்லை. இறங்கும்போது மட்டுமே, தீர்வு நாளில் பணம் வராததன்மூலம் வெளிப்படும்.

2001 மார்ச்சில் கல்கத்தா பங்குச் சந்தையில் நிகழ்ந்தது இதுவே. ஊக வணிகத்தில் பெருந்தொகைக்கு வாங்கியிருந்த சில தரகர்கள், விலைகள் சரிந்தபோது தீர்வுக்குரிய பணத்தைச் செலுத்தத் தவறினர். அடுத்தடுத்த தீர்வுகள் தடுமாறின. சந்தை தன் உத்தரவாத நிதியில் கைவைக்க நேர்ந்தது. பணம் செலுத்தத் தவறியவருடன் நேரடியாக வணிகம் செய்யாத தரகரும் இதில் பாதிக்கப்படுவார் என்பது கவனிக்கத்தக்கது. முந்தைய எடுத்துக்காட்டில் சலீமின் 31,100 ரூபாய் வராவிட்டால், நட்டம் முருகனின் தலையில் விழுகிறது. ஆனால் சலீமுடனான வணிகத்தில் முருகன் வாங்கியவர், விற்றவர் அல்லர். நிகரம் காணும் முறை அனைவரையும் ஒரே கயிற்றில் பிணைத்துவிடுகிறது.

இந்த இடருக்கான நிறுவன விடை அதற்கு முன்பே உருவாகியிருந்தது. தேசியப் பங்குச் சந்தை 1995-இல் தனியொரு தீர்வு நிறுவனத்தை அமைத்தது; அது 1996 ஏப்ரலில் பணியைத் தொடங்கியது. ஒப்பந்தம் உறுதியானதும் தீர்வு நிறுவனம் இடையில் புகுந்து, விற்றவருக்கு வாங்குபவராகவும் வாங்கியவருக்கு விற்பவராகவும் ஆகிவிடுகிறது. இப்போது சலீம் தவறினாலும் முருகனுக்குப் பணம் தரவேண்டியது தீர்வு நிறுவனமே. அந்தப் பொறுப்பைச் சுமப்பதற்காக அது தரகர்களிடம் முன்கூட்டியே மார்ஜின் தொகை வாங்குகிறது. இத்தொகை, தவறு நேர்ந்த பின் நிலையை விற்று முடிப்பதற்குள் விலை எவ்வளவு நகரக்கூடும் என்பதைப் பொறுத்தது. எனவே தீராத நாள்கள் மிகும்தோறும் பிணையாக முடங்கும் பணமும் மிகுகிறது. தீர்வுக் காலத்தைக் குறைக்கவேண்டும் என்னும் வாதத்தின் அடித்தளம் இதுதான்.

ஆனால் காகிதம் இருக்கும்வரை காலத்தைக் குறைக்க இயலாது. 1996-ஆம் ஆண்டு வைப்பகச் சட்டமும், அவ்வாண்டு நவம்பரில் தொடங்கிய என்எஸ்டிஎல் வைப்பகமும் அந்தத் தடையை நீக்கின. நிறுவனத்தின் பதிவேட்டில் வைப்பகமே பதிவுபெற்ற உரிமையாளர். அதன் மின்னணுக் கணக்கில் பெயர் உள்ளவர் பயனுரிமையாளர். ஈவுத்தொகையும் வாக்குரிமையும் பயனுரிமையாளருக்கு உரியவை. உடைமை மாற்றம் என்பது ஒரு டிமேட் கணக்கில் பற்றும் மற்றொன்றில் வரவும் வைப்பதாகச் சுருங்கியது. கையொப்பச் சிக்கலும் பதிவாளரின் இரண்டு மாதமும் இல்லாமற்போயின.

அதன்பின் காலம் படிப்படியாகக் குறைந்தது. 2001 ஜூலை 2 முதல் முக்கியப் பங்குகளில் பட்லா நிறுத்தப்பட்டு, ஒவ்வொரு நாளின் வணிகமும் தனியாகத் தீர்க்கப்படும் சுழல் முறை, வணிக நாளிலிருந்து ஐந்தாம் வேலைநாள் என்ற கணக்கில், அதாவது டி+5 ஆக, வந்தது. 2002 ஏப்ரலில் டி+3, 2003 ஏப்ரலில் டி+2. அடுத்த படிக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. 2022 பிப்ரவரி 25 அன்று சந்தை மதிப்பில் மிகச் சிறிய 100 பங்குகளில் தொடங்கிய டி+1, 2023 ஜனவரி 27 அன்று அனைத்துப் பங்குகளையும் எட்டியது. அமெரிக்கா டி+1-க்கு வந்தது 2024 மே மாதத்தில்தான். பெங்களூரு பங்குச் சந்தை இந்த மாற்றத்தைக் காணவில்லை. வணிகம் நாடுதழுவிய திரைகளுக்கு நகர்ந்துவிட, 2014 டிசம்பரில் செபியின் ஆணையோடு அது சந்தை என்ற தகுதியிலிருந்து விலகியது.

இன்று அதே ஜீவனஹள்ளியிலிருந்து திங்கட்கிழமை காலை 100 பங்குகள் விற்கப்பட்டால், அவை உடனே அவருடைய டிமேட் கணக்கில் முடக்கிவைக்கப்படுகின்றன. மாலை சந்தை முடிந்ததும் தீர்வு நிறுவனம் ஒவ்வொரு தரகரின் நிகரத்தையும் கணக்கிட்டு அறிவிக்கிறது. செவ்வாயன்று தரகர்களிடமிருந்து பணமும் விற்றவர்களிடமிருந்து பங்கும் தீர்வு நிறுவனத்துக்கு வந்து, அன்றே உரியவர்களுக்குப் பிரிந்து செல்கின்றன. விற்றவர் பங்கைத் தரத் தவறினால், சந்தை ஏலத்தின் மூலம் வேறொருவரிடமிருந்து வாங்கி, கூடுதல் செலவைத் தவறியவரிடம் வசூலிக்கிறது. ஈவுத்தொகைக்கான பதிவு நாள் செவ்வாய் என்றால், திங்களன்றே வாங்கியிருந்தவருக்கு அது கிடைக்கும். செவ்வாயன்று வாங்கியவருக்குக் கிடைக்காது. டி+1 முறையில் ஈவுத்தொகை நீங்கிய விலையில் வணிகமாகும் நாளும் பதிவு நாளும் ஒன்றாகிவிட்டதன் காரணம் இதுவே.

எஞ்சிய ஒரு நாளையும் நீக்கிவிடலாமே என்ற வினா இயல்பானது. தொழில்நுட்பம் அதற்குத் தடையன்று. ஒவ்வொரு வணிகத்தையும் அந்த நொடியிலேயே தீர்ப்பதென்றால் நிகரம் காண இடமிராது. முருகனும் பசவராஜும் சலீமும் 2,32,100 ரூபாயையும் உடனுக்குடன் நகர்த்தவேண்டும். வாங்குபவர் முழுப் பணத்தையும் விற்பவர் முழுப் பங்கையும் முன்னரே கையில் வைத்திருக்கவேண்டும். வேறொரு நேர மண்டலத்தில் உறங்கிக்கொண்டிருக்கும் அயல்நாட்டு முதலீட்டாளர், விழித்தெழுந்து அந்நியச் செலாவணியை ரூபாயாக மாற்றுவதற்கும் அந்த ஒரு நாளே இடம் தருகிறது. டி+1-க்கே அவர்கள் தெரிவித்த தயக்கம் இதைப் பற்றியதுதான். 2024 மார்ச் 28 அன்று 25 பங்குகளுக்கு விருப்பத் தேர்வாக அறிமுகமான அதேநாள் தீர்வுகூட, நொடித் தீர்வன்று. பிற்பகல் 1.30 வரை நடக்கும் வணிகங்களைத் திரட்டி, நிகரம் கண்டு, அன்று மாலைக்குள் தீர்ப்பதே அதன் ஏற்பாடு. ஆகவே இன்று எஞ்சியிருக்கும் தாமதம் பழைய காகிதக் காலத்தின் எச்சமன்று. குறைந்த பணத்தில் நிறைந்த வணிகத்தைத் தீர்ப்பதற்காகச் சந்தை கொடுக்கும் விலை அது. மார்ஜின் என்ற பெயரில் அந்த விலை நாள்தோறும் கணக்கிடப்படுகிறது.