எல்லாவற்றிலும் பின்தங்கிய நாட்டிடம் விற்பதற்கு என்ன இருக்கிறது? ரிக்கார்டோவின் நான்கு எண்கள்

உயர்தரப் பொருளியல் படித்த எல்லோருக்கும் ஒப்பீட்டு நன்மை என்ற சொல் ஞாபகம் இருக்கும். இரண்டு நாடு, இரண்டு பொருள், ஓர் அட்டவணை. பிள்ளைகள் அதைப் பாடமாக்கிப் புள்ளியும் எடுத்துவிடுவார்கள். ஆனால் வகுப்பில் யாராவது ஒருவர் எழுந்து, "சேர், ஒரு நாடு எல்லாச் சாமானையும் மற்ற நாட்டை விட நல்லாச் செய்யுதெண்டா, அது ஏன் மற்றவனிட்ட வாங்கணும்?" என்று கேட்கும்போதுதான் பாடமே தொடங்குகிறது. இருநூறு வருடங்களுக்கு முன்னர் லண்டனிலும் இதே கேள்வி இருந்தது. அதற்குப் பதில் சொன்னவர் டேவிட் ரிக்கார்டோ. அவருடைய கணக்கை இன்று ஆறுதலாக, ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

ரிக்கார்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்ல. 1772இல் லண்டனில் பிறந்து, 14 வயதிலேயே தந்தையோடு பங்குச் சந்தைத் தொழிலில் இறங்கி, பெரும் செல்வம் சேர்த்தவர். அவர் எழுத வந்த காலத்தில் இங்கிலாந்தைப் பிரித்துப் போட்ட விவகாரம் தானியச் சட்டம். உள்நாட்டில் ஒரு குவார்ட்டர் கோதுமையின் விலை 80 ஷில்லிங்கை எட்டும் வரை வெளிநாட்டுக் கோதுமையை விற்பனைக்கு விடக்கூடாது என்று 1815இல் சட்டம் போட்டார்கள். நிலச்சுவான்தார்களுக்கு அது இலாபம். பாண் வாங்கும் தொழிலாளிக்கு அது சுமை. ரிக்கார்டோவும் அப்போது பெரிய காணிக்குச் சொந்தக்காரர்தான். ஆனாலும் அவர் அந்தச் சட்டத்தை எதிர்த்தார். 1817இல் வெளியான அவருடைய நூலின் ஏழாவது அத்தியாயம் வெளிநாட்டு வர்த்தகம் பற்றியது. நமது அட்டவணை அங்கிருந்துதான் வருகிறது.

அவர் எடுத்த நாடுகள் இங்கிலாந்தும் போர்த்துக்கலும். பொருட்கள் துணியும் திராட்சை மதுவும். குறிப்பிட்ட அளவு துணியைச் செய்ய இங்கிலாந்தில் 100 பேர் ஒரு வருடம் உழைக்க வேண்டும். அந்தத் துணிக்கு ஈடாக மாற்றிக்கொள்ளும் மதுவை அங்கேயே செய்வதானால் 120 பேர் வேண்டும். போர்த்துக்கலிலோ அதே மதுவுக்கு 80 பேர் போதும், அதே துணிக்கு 90 பேர் போதும். இவை அளந்து எடுத்த எண்கள் அல்ல, விளக்கத்துக்காக அவரே வைத்தவை. 1817இல் உலகின் மிகச் சிறந்த நெசவாலைகள் இங்கிலாந்தில் இருந்தன என்பது அவருடைய வாசகர்களுக்குத் தெரியும். அப்படியிருந்தும் இரண்டு பொருளிலும் போர்த்துக்கல்லே கெட்டிக்கார நாடு என்று அவர் வைத்தார். நம் நாடு எல்லாவற்றிலும் தோற்றிருந்தால் என்ன ஆகும் என்று வாசகரை யோசிக்க வைக்கும் ஏற்பாடு அது.

இப்போது கூட்டிப் பார்ப்போம். இரண்டு நாடும் தனக்குத் தேவையான துணியையும் மதுவையும் தானே செய்தால் 100, 120, 90, 80 என மொத்தம் 390 பேருடைய ஒரு வருட உழைப்பு செலவாகும். மாறாக, இங்கிலாந்து இரண்டு பங்கு துணியைச் செய்து ஒரு பங்கை அனுப்புகிறது; போர்த்துக்கல் இரண்டு பங்கு மதுவைச் செய்து ஒரு பங்கை அனுப்புகிறது. இங்கிலாந்தில் 200 பேர், போர்த்துக்கலில் 160 பேர், மொத்தம் 360. அதே துணி, அதே மது, 30 பேருடைய உழைப்பு மிச்சம். 120 பேர் தேவைப்பட்ட மதுவை 100 பேருடைய துணியைக் கொடுத்து வாங்கியதால் இங்கிலாந்துக்கு 20 பேர் மிச்சம். 90 பேர் தேவைப்பட்ட துணியை 80 பேருடைய மதுவைக் கொடுத்து வாங்கியதால் போர்த்துக்கலுக்கு 10 பேர் மிச்சம். துணி செய்வதில் இங்கிலாந்தை விடக் கெட்டிக்கார நாடாக இருந்தும் துணியை அங்கிருந்து எடுப்பதுதான் போர்த்துக்கலுக்கு இலாபம்.

திசையை மாற்றினால் என்ன ஆகும் என்றும் பார்க்கலாம். போர்த்துக்கல் இரண்டு பங்கு துணி, இங்கிலாந்து இரண்டு பங்கு மது என்றால் 180உம் 240உம் சேர்ந்து 420. தனித்தனியாகச் செய்ததை விட 30 பேர் அதிகம். ஆகவே எந்த நாடு எதைச் செய்கிறது என்பதுதான் முக்கியம்.

அந்தத் திசையை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு நாட்டை மற்ற நாட்டோடு ஒப்பிட்டால் விடை கிடைக்காது. போர்த்துக்கல் இரண்டிலும் முன்னால்தான் நிற்கும். ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் ஒன்றைச் செய்ய மற்றதில் எவ்வளவை விட வேண்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இதைத்தான் அமையச் செலவு என்கிறோம். இங்கிலாந்தில் மதுவுக்குப் போகும் 120 பேரும் துணிக்குப் போயிருந்தால் 1.2 பங்கு துணி கிடைத்திருக்கும். போர்த்துக்கலில் மதுவுக்குப் போகும் 80 பேரால் 0.89 பங்கு துணிதான் செய்ய முடியும். ஆகவே மது மலிவாகக் கிடைக்கும் இடம் போர்த்துக்கல். துணிக்கு இதே கணக்கைத் தலைகீழாகப் போட்டால், இங்கிலாந்தில் ஒரு பங்கு துணிக்கு 0.83 பங்கு மதுவை விட வேண்டும், போர்த்துக்கலில் 1.125 பங்கை விட வேண்டும். துணி மலிவாகக் கிடைக்கும் இடம் இங்கிலாந்து.

ஒரு எண் மற்றதன் தலைகீழ் என்பதுதான் இங்கே முழு விஷயமும். மதுவின் அமையச் செலவு ஒரு நாட்டில் கூடுதலாக இருந்தால், துணியின் அமையச் செலவு அங்கே குறைவாகத்தான் இருக்க முடியும். அதனால் எந்த நாடும் இரண்டிலும் தோற்க முடியாது. ஒரேயொரு விதிவிலக்கு உண்டு. போர்த்துக்கலுக்குத் துணிக்கு 50 பேரும் மதுவுக்கு 60 பேரும், அதாவது இரண்டிலும் சரி பாதி, தேவைப்பட்டிருந்தால் இரு நாட்டின் விகிதமும் ஒன்றாகிவிடும். அப்போது வர்த்தகத்தால் ஒருவர் உழைப்பும் மிஞ்சாது.

இந்த இடத்தில் ஒரு கடைக்கார முதலாளி நம்மை மறித்துக் கேட்கலாம். "வியாபாரி உழைப்பைப் பார்த்தா வாங்குகிறான், விலையைப் பார்த்துத்தானே வாங்குகிறான்?" மிகச் சரியான கேள்வி. பல பாடக்குறிப்புகளில் இல்லாத பதிலை ரிக்கார்டோ அதே அத்தியாயத்தில் எழுதியிருக்கிறார். அதை எளிய எண்களில் போடுவோம். இரு நாட்டிலும் ஒருவருடைய வருடக் கூலி ஒரு காசு என்று வையுங்கள். துணியின் விலை இங்கிலாந்தில் 100 காசு, போர்த்துக்கலில் 90. மது இங்கிலாந்தில் 120, போர்த்துக்கலில் 80. வியாபாரிகள் இரண்டையும் போர்த்துக்கலில்தான் வாங்குவார்கள். இங்கிலாந்திடம் திருப்பி விற்க எதுவும் இல்லை, அதனால் தங்கக் காசாகக் கொடுக்க வேண்டும்.

தங்கம் குவியக் குவியப் போர்த்துக்கலில் கூலியும் விலையும் ஏறும். தங்கம் வெளியேறும் இங்கிலாந்தில் அவை இறங்கும். இங்கிலாந்தின் கூலியை ஒரு காசாகவே வைத்துக்கொண்டு, போர்த்துக்கலின் கூலி அதோடு ஒப்பிட 1.25 காசு ஆகும் கட்டத்தைப் பாருங்கள். அங்கே துணி 112.5 காசு, மது 100 காசு. இங்கிலாந்தில் துணி 100, மது 120. இப்போது துணி இங்கிலாந்தில் மலிவு, மது போர்த்துக்கலில் மலிவு. தங்கம் ஓடுவது நிற்கிறது, இரு பக்கமும் கப்பல் ஏற்றப்படுகிறது. போர்த்துக்கலின் கூலி 1.11 மடங்கைத் தாண்டி, 1.5 மடங்கைத் தாண்டாமல் இருக்கும் வரை இந்த நிலை நீடிக்கும்.

இதிலிருந்து தெரிவது ஆறுதலும் கசப்பும் கலந்த உண்மை. எல்லாவற்றிலும் பின்தங்கிய நாட்டிடமும் விற்பதற்கு ஏதோ ஒன்று இருக்கும். ஆனால் அந்தப் பின்தங்கலுக்கான விலையை அந்த நாட்டுத் தொழிலாளி குறைந்த கூலியாகக் கட்டுகிறார். அவருடைய கூலி உயர வேண்டுமென்றால் 100உம் 120உம் ஆகிய அந்த எண்கள் குறைய வேண்டும். வர்த்தகம் தானாக அவற்றைக் குறைத்துத் தருவதில்லை.

அன்று தங்கம் செய்த வேலையை இன்று நாணய மாற்று விகிதம் செய்கிறது. டொலரின் விலையைச் சுமார் 200 ரூபாயில் பிடித்துவைத்து, 2022 மார்ச்சில் விட்ட பிறகு சில வாரங்களில் அது 360 அளவுக்குப் போனதை நாம் பார்த்தோம். நமது நெருக்கடிக்குக் கடனும் வரிக் கொள்கையும் உட்பட வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் மாற்று விகிதத்தைக் கட்டிவைத்தால் இறக்குமதி செயற்கையாக மலிவாகி, ஏற்றுமதி நசிந்து, சரிசெய்யும் பொறி நின்றுவிடும் என்பதை விளங்கிக்கொள்ள மேலே போட்ட கணக்குப் போதும்.

ரிக்கார்டோ தன் கணக்குக்கு ஒரு நிபந்தனையும் வைத்தார். முதல் நாட்டை விட்டு நாடு தாண்டாது, தொழிலாளியும் தாண்டமாட்டார் என்பதே அது. அவை தாராளமாகத் தாண்டினால் துணி, மது இரண்டையும் போர்த்துக்கலிலேயே செய்வதுதான் இங்கிலாந்து முதலாளிக்கு இலாபம் என்று அவரே ஒப்புக்கொண்டார். முதலாளிகள் சொந்த நாட்டை விட்டுப் போகத் தயங்குவார்கள் என்பதை நம்பித்தான் கணக்கு நின்றது. தொழிற்சாலைகள் நாடு விட்டு நாடு பெயரும் இக்காலத்தில் அட்டவணையைப் பார்க்கும்போது இந்த வரியும் ஞாபகத்தில் இருக்க வேண்டும்.

உண்மையான போர்த்துக்கலின் கதையும் அட்டவணையைப் போல அவ்வளவு சுத்தமானதல்ல. துணிக்கும் மதுவுக்குமான அந்த மாற்று 1703 டிசம்பரில் லிஸ்பனில் கையொப்பமான மெதுவன் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. இங்கிலாந்தின் கம்பளித் துணியைப் போர்த்துக்கல் உள்ளே விடும். பதிலுக்குப் போர்த்துக்கல் மதுவுக்கான வரியை, பிரெஞ்சு மதுவுக்கான வரியை விட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இங்கிலாந்து வைக்கும். அப்போது இங்கிலாந்து பிரான்சோடு யுத்தத்தில் இருந்தது. பிரெஞ்சு மதுவை ஒதுக்கி ஒரு கூட்டாளியைச் சேர்ப்பதும் அந்த ஒப்பந்தத்தின் நோக்கம். அதற்கு முன்னர் வெளிநாட்டுத் துணிக்குத் தடை போட்டு, சொந்தமாகத் துணித் தொழிலை வளர்க்கப் போர்த்துக்கல் முயன்றிருந்தது. ஒப்பந்தத்துக்குப் பின் அந்தப் பாதுகாப்புப் போனது. அனுப்பிய மதுவின் பெறுமதி வாங்கிய துணிக்குப் போதாமல், மிகுதியைப் பிரேசில் சுரங்கத் தங்கத்தால் போர்த்துக்கல் கட்டியது.

1841இல் பிரெட்ரிக் லிஸ்ட் என்ற ஜேர்மனியர் இந்த ஒப்பந்தத்தைத்தான் உதாரணமாகக் காட்டி வாதாடினார். இன்றைய மலிவு நாளைய தொழில்திறனைத் தின்றுவிடலாம் என்பது அவருடைய வாதம். இருவரும் உண்மையில் இரண்டு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். இருக்கும் திறமையைக் கொண்டு இந்த வருடம் என்ன செய்தால் உழைப்பு மிஞ்சும் என்பது ரிக்கார்டோவின் கேள்வி. அந்தத் திறமை 20 வருடத்தில் எப்படி மாறும் என்பது லிஸ்டின் கேள்வி. நெசவாளிக்குத் திராட்சைத் தோட்டத்தில் ஒரே நாளில் வேலை கிடைத்துவிடாது என்பதும், மிஞ்சிய 10 பேருடைய உழைப்பு நாட்டுக்குள் யாருடைய கைக்குப் போகும் என்பதும் நான்கு எண்களுக்குள் இல்லை.

ரிக்கார்டோ 1823இல் காலமானார். தானியச் சட்டத்தை நீக்கும் தீர்மானம் நிறைவேற இன்னும் 23 வருடம் சென்றது. 1846இல் அது நிறைவேறியபோது பாண் வாங்குபவர்கள் நன்மை அடைந்தார்கள், நிலச்சுவான்தார்கள் தோற்றார்கள். ஒரு நாட்டின் மொத்தக் கணக்கில் இலாபம் என்று எழுதப்படும்போதெல்லாம், அந்த மொத்தத்துக்குள் இப்படி இரண்டு தரப்பும் இருக்கும்.