கட்டணம் குறைந்தது எப்படி, காசு பத்திரமா? ரோல்அப் வலையமைப்புகள் ஒரு விளக்கம்

கிரிப்டோ நாணயங்களைப் பற்றி எழுதத் தொடங்கியதிலிருந்து ஒரே கேள்வியைப் பலரிடமிருந்து கேட்கிறேன். எதீரியத்தில் நெரிசலான நேரத்தில் காசு அனுப்பினால் டொலர் கணக்கில் கட்டணம் போகலாம். ஆர்பிட்ரம், பேஸ் போன்ற வலையமைப்புகளில் அதே வேலைக்குச் சில சதம்தான். இது எப்படி? அங்கே வைக்கும் காசும் அதே அளவு பத்திரமானதா?

இந்த வலையமைப்புகளுக்கு ரோல்அப் என்று பெயர். எதீரியத்தை முதல் அடுக்கு என்றும் இவற்றை இரண்டாம் அடுக்கு என்றும் சொல்வார்கள். நமக்குத் தெரிந்த ஒன்றைக் கொண்டு இதை விளங்கிக்கொள்ளலாம். காணி உறுதியை எழுதுவது நொத்தாரிசு. ஆனால் அதன் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகிறது. இடப்பெயர்வில் உறுதியைத் தொலைத்தவர்கள் பதிவகத்தில் பிரதி இருந்தால் திரும்ப எடுக்கலாம். நொத்தாரிசே இல்லாமல் போனாலும் எடுக்கலாம். ரோல்அப்பும் இப்படித்தான். கணக்கு வேலை வெளியே நடக்கிறது, அதன் பதிவு எதீரியத்தில் வைக்கப்படுகிறது.

முதலில் கட்டணம். எதீரியத்தில் வேலையின் அளவை காஸ் என்ற அலகில் கணிக்கிறார்கள். டொலருக்கு நிகராக வெளியிடப்படும் யூஎஸ்டிசி போன்ற ஒரு நாணயத்தை அனுப்ப ஏறத்தாழ 50,000 காஸ் வேண்டும். ஒரு காஸின் விலை 20 குவெய் (ஒரு ஈதரில் நூறு கோடியில் ஒரு பங்கு ஒரு குவெய்), ஒரு ஈதர் 2,500 டொலர் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் 0.001 ஈதர், அதாவது 2.50 டொலர். எதீரியத்தை இயக்கும் ஆயிரக்கணக்கான கணினிகள் ஒவ்வொன்றும் அந்தப் பரிமாற்றத்தைச் செய்து பார்ப்பதற்கான விலை அது.

ரோல்அப்பில் நீங்கள் கையொப்பமிட்ட பரிமாற்றம் முதலில் சீக்குவென்சர் என்ற ஒரு கணினிக்குப் போகும். அது வருபவற்றை வரிசைப்படுத்தி, கணக்குகளைத் திருத்தி, பிறகு நூற்றுக்கணக்கான அல்லது ஆயிரக்கணக்கான பரிமாற்றங்களைச் சுருக்கி ஒரே பொதியாக எதீரியத்தில் பதியும். எதீரியம் அவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பதில்லை. பொதியில் இருக்கும் தரவை ஏற்று வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

2024 மார்ச் வரை இருந்த முறையில், இப்படிப் பதியும் ஒரு பைட்டுக்கு 16 காஸ் போனது. சுருக்கிய பிறகு ஒரு பரிமாற்றம் 100 பைட் என்று எடுத்தால் 1,600 காஸ். மேலே சொன்ன விலையில் அது 8 சதம். இதோடு பொதி ஒன்றுக்கு நிலையான ஒரு செலவும் இருக்கிறது. அதை 10 டொலர் என்று வைத்தால், ஆயிரம் பேர் பகிரும்போது ஆளுக்கு ஒரு சதம், பத்துப் பேர் மட்டும் இருந்தால் ஆளுக்கு ஒரு டொலர். ஆட்கள் கூடக் கூட ரோல்அப் மலிவாவது இதனால்தான்.

2024 மார்ச் 13இல் எதீரியம் இந்தத் தரவுக்கென்றே புளொப் என்ற தனி இடத்தைத் திறந்தது. ஒரு புளொப் 128 கிலோபைட். அதற்குத் தனி விலை. கட்டணம் மேலும் பல மடங்கு குறைந்தது. ஆனால் புளொப்பில் உள்ள தரவை எதீரியக் கணினிகள் ஏறத்தாழ 18 நாட்கள்தான் வைத்திருக்க வேண்டும். பிறகு அழித்துவிடலாம். அதன் அடையாள முத்திரை மட்டும் நிரந்தரமாக இருக்கும். அந்த 18 நாட்களுக்குள் யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம், கணக்கைச் சரிபார்க்கலாம். அதற்குப் பிறகு பழைய பதிவைத் தேடுபவர், முன்பே பிரதி எடுத்து வைத்த யாரையாவது நம்ப வேண்டியிருக்கும்.

சரி, பொய்க் கணக்கைப் பதிந்தால்? ஆர்பிட்ரம் போன்றவை ஒப்டிமிஸ்டிக் வகை. பரிமாற்றங்களின் முடிவில் யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கை, ஒருவர் பிணைப் பணம் கட்டி எதீரியத்தில் முன்வைக்கிறார். அது பிழை என்று காண்பவர் ஏறத்தாழ ஒரு கிழமைக்குள் ஆட்சேபிக்கலாம். பிணக்கு வந்தால் கணக்கை இரண்டிரண்டாகப் பிரித்துக்கொண்டே போய், இருவரும் முரண்படும் ஒரேயொரு படியைக் கண்டுபிடிக்கிறார்கள். அந்த ஒரு படியை மட்டும் எதீரியம் செய்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். பிழை செய்தவர் பிணைப் பணத்தை இழப்பார். நீங்கள் ஆர்பிட்ரத்திலிருந்து எதீரியத்துக்குக் காசை நேரடியாக எடுக்கும்போது ஒரு கிழமை காத்திருப்பது இந்த ஆட்சேபக் காலத்துக்காகத்தான். அதை உடனே தருகிறோம் என்னும் சேவைகள் தங்கள் காசை முன்பணமாகத் தந்து கட்டணம் எடுக்கின்றன. அந்த இடத்தில் நீங்கள் நம்புவது எதீரியத்தை அல்ல, அந்தச் சேவையை.

மற்ற வகை இசட்கே ரோல்அப். அதில் கணக்கு சரி என்பதற்கான கணிதச் சான்று முன்கூட்டியே எதீரியத்துக்குக் கொடுக்கப்படும். ஆட்சேபத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

இவ்வளவும் ஏட்டில் உள்ளபடி. நடைமுறையில் இடைவெளிகள் இருக்கின்றன. ஆர்பிட்ரம் வன் 2021இலேயே பொதுப் பாவனைக்கு வந்துவிட்டது. ஆனால் அனுமதிப் பட்டியலில் இல்லாதவர்களும் ஆட்சேபிக்கும் வசதி 2025 பெப்ரவரியில்தான் வந்தது. அதுவரை, பிழையை நீங்கள் கண்டுபிடித்தாலும் முறையிடும் உரிமை உங்களுக்கு இருக்கவில்லை.

சீக்குவென்சர் இன்னொரு இடைவெளி. உங்கள் கையொப்பம் இல்லாமல் அது உங்கள் காசை எடுக்க முடியாது. ஆனால் உங்கள் பரிமாற்றத்தைத் தாமதிக்கலாம், மறுக்கலாம். 2023 டிசம்பர் 15இல் திடீர் நெரிசலால் ஆர்பிட்ரம் சீக்குவென்சர் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றுபோனது. காசு தொலையவில்லை, நகரவும் இல்லை. 2024 ஜூன் 2இல் லினியா என்ற ரோல்அப்பில் இயங்கிய வெலோகோர் சந்தை களவாடப்பட்டபோது, லினியாவை நடத்துபவர்கள் முழு வலையமைப்பையும் சிறிது நேரம் நிறுத்தி, திருடரின் முகவரிகளையும் தடுத்தார்கள். திருடனைத் தடுத்தது நல்லதாகத் தோன்றலாம். ஆனால் அதே கை வேறொரு நாள் யாரையும் தடுக்க முடியும் என்பதும் அன்று வெளிச்சமானது.

இதற்கு மாற்றுவழியாக, ஆர்பிட்ரத்தில் சீக்குவென்சரைத் தாண்டி எதீரியத்திலேயே உங்கள் பரிமாற்றத்தை நேரடியாக ஒப்படைக்கலாம். 24 மணித்தியாலம் கடந்தும் சீக்குவென்சர் அதைச் சேர்க்காவிட்டால், யாரும் அதை வரிசைக்குள் கட்டாயமாகச் சேர்க்க முடியும். அதற்கு எதீரியக் கட்டணம் கட்ட வேண்டும். இதற்கெல்லாம் மேலே, 12 பேர் கொண்ட பாதுகாப்புச் சபை ஒன்று இருக்கிறது. அதில் 9 பேர் கையொப்பமிட்டால் அவசரமாக ஒப்பந்த நிரலையே மாற்றலாம்.

ஆகவே குறைந்த கட்டணத்தை மட்டும் பார்த்து ஒரு ரோல்அப்பை மதிப்பிட முடியாது. நான் மூன்றைப் பார்ப்பேன். முழுத் தரவும் எதீரியத்தில் பதியப்படுகிறதா? பிழையை யாரும் ஆட்சேபிக்கலாமா, அல்லது சரியென்பதற்குச் சான்று கொடுக்கப்படுகிறதா? நடத்துபவர் மறுத்தாலும் காசை வெளியே எடுக்க வழி இருக்கிறதா, அதற்கு எத்தனை நாள்? l2beat.com தளத்தில் ஒவ்வொரு ரோல்அப்புக்கும் இந்த விவரங்கள் உள்ளன. அங்கே Stage 0 என்றிருந்தால் பாதுகாப்பு பெருமளவு நடத்துபவர்களின் கையில் இருக்கிறது என்று பொருள். Stage 2 என்றால் நிரலே பெரும்பாலும் காவல்.

தரவு எதீரியத்தில் இல்லாமல் நடத்துபவரிடம் மட்டும் இருந்தால், அது பதிவகத்தில் பிரதி இல்லாத உறுதி. அப்படிப்பட்டதன் கட்டணம் இன்னும் குறைவாகவே இருக்கும்.