கடலோரக் கோட்டைகள் – 14: கொடவாயாவில் மூழ்கிய அம்மி

கோவளம் கோட்டையை ராபர்ட் கிளைவ் எப்படிப் பிடித்தார் என்பதை இந்த வாரம் சொல்வதாகப் போன இதழில் எழுதியிருந்தேன். 1752, கத்துக்குட்டிப் பட்டாளம், குண்டுச் சத்தம் கேட்டதும் ஓடிக் கிணற்றுக்குள் ஒளிந்துகொண்ட சிப்பாய் என்று குறிப்புகள் எல்லாம் தயார். நடுவில் ஒரு பத்தி மட்டும் பாக்கியிருந்தது: வெள்ளைக்காரன் வருவதற்கு வெகுகாலம் முன்பு இந்தக் கரையில் என்ன சரக்கு போய்வந்தது என்று நாலு வரி. அந்த நாலு வரி இந்த வாரத்தை விழுங்கிவிட்டது. கிளைவ் ரசிகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவருக்கு ரசிகர்கள் இருப்பதே எனக்கு வியப்புதான்.

கோவளத்திலிருந்து மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் தாண்டிப் பாலாற்று முகத்துவாரத்துக்குப் போனால் வசவசமுத்திரம் வரும். தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தபோது உறைகிணறுகளும், ரோமானிய மதுச்சாடிகளான ஆம்போராக்களின் உடைசல்களும் கிடைத்தன. சங்க காலத்தில் இந்தக் கரையில் கப்பல் வந்தது என்பதற்கு நம் மாவட்டத்திலேயே உள்ள சாட்சி அது. ஆனால் துறைமுக மண்ணிலிருந்து நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் குப்பைதான். உடைந்தது, சிந்தியது, வேண்டாமென்று எறிந்தது. விலைபோன பொருள் ஊரை விட்டுப் போய்விடும். மூழ்கிய கப்பல் அப்படியல்ல. ஒருநாள் ஏற்றிய சரக்கு, விற்கப்படாமலே, ஒரே இடத்தில் கிடக்கும்.

அப்படியொரு சங்க காலக் கப்பல் கோவளம் பக்கம் கிடைக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். நம் கரை அதற்குத் தோதான கரை இல்லை. இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தள்ளி நங்கூரமிட்டு நிற்க, படகுகள்தாம் அலையைக் கடந்து சரக்கை ஏற்றி இறக்கின. கரையோரம் உடைந்த மரக்கலத்தை அலை சிதறடிக்கும், மணல் மூடும், திறக்கும், மறுபடி மூடும். மூடாத மரத்தைக் கப்பல் புழு துளைத்துத் தின்றுவிடும். ஆகவே தெற்கே இறங்கி இலங்கைக்குப் போவோம். அம்பாந்தோட்டைக்கு அருகில் கொடவாயா என்ற மீனவ ஊர். 2003-இல் அங்கே சங்கு குளித்த இரண்டு பேர் கண்ணில் அந்தக் கப்பல் பட்டது. இந்தியப் பெருங்கடலில் இதுவரை தெரியவந்தவற்றில் அதுவே மிகப் பழைய கப்பல் என்கிறார்கள்.

கொடவாயா என்றதும் இன்னொருவரை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அங்குள்ள விகாரையில் ஒரு பாறைக் கல்வெட்டு இருக்கிறது. இந்தத் துறையில் வசூலாகும் சுங்கத்தை விகாரைக்குக் கொடுத்த செய்தி அது. கொடுத்த அரசன் கஜபாகு. நம் ஆளுக்கு அவர் யாரென்று தெரியும்: சிலப்பதிகாரத்தில் சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது வந்திருந்த கயவாகு! சங்க காலத்துக்கு ஆண்டுக்கணக்குப் போட முயன்ற தலைமுறை தலைமுறையான பண்டிதர்கள் இந்த ஒரு பெயரில்தான் தொங்கிக்கொண்டிருந்தார்கள். சிங்களக் கதைகளில் அவர் வேறு ஆள். சோழன் பிடித்துச்சென்ற 12,000 பேரை மீட்க, இரும்புத் தடியால் கடலை அடித்து வழிபிளந்து, நீலன் என்ற மல்லனோடு சோழ நாட்டுக்குப் போனாராம். பதிலுக்கு 24,000 பேரைக் கொண்டுவந்தாராம். பழைய மகாவம்சத்தில் இந்தச் சாகசம் கிடையாது, பின்னால் வந்த நூல்களின் கைவரிசை. எனக்கு இரும்புத்தடிக் கஜபாகுவை விடச் சுங்கக் கணக்குக் கஜபாகுவைத்தான் பிடிக்கிறது. பிக்குகளுக்குக் கொடுக்கும் அளவுக்கு ஒரு சின்னத் துறையில் சுங்கம் வசூலானது என்றால், வந்துபோன சரக்கு எவ்வளவு இருக்க வேண்டும்!

நம் கப்பல் கஜபாகுவுக்கும் முந்தியது. உள்ளே கிடைத்த மரத் துண்டுகளின் கரிமக் காலக்கணிப்பு, ஏறத்தாழ கி.மு. 2-ஆம் நூற்றாண்டுக்கும் கி.பி. 1-ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட காலத்தைக் காட்டுகிறது. 2012 முதல் 2014 வரை அங்கே அகழாய்வு நடந்தது. இலங்கையின் கடல்சார் தொல்லியல் பிரிவு, அமெரிக்காவின் கடல்சார் தொல்லியல் நிறுவனம் இரண்டும் சேர்ந்து செய்தன. அமெரிக்கக் குழுவில் முன்நின்றவர் டெபோரா கார்ல்சன்.

கப்பல் கிடப்பது 30 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான ஆழத்தில். அங்கே மேலிருக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல நாலு மடங்கு அழுத்தம். அதனால் முதுகிலுள்ள காற்றும் நாலு மடங்கு வேகத்தில் தீரும். நைட்ரஜன் இரத்தத்தில் கரைந்து லேசான போதை தரும், கணக்கு தப்பும். ஒருமுறை இறங்கினால் அடியில் நிற்க முடிவது அரை மணிக்கும் குறைவு. ஏறும்போது நடுநடுவே நின்று நின்று ஏற வேண்டும், அவசரப்பட்டால் கரைந்த வாயு குமிழியாகி மூட்டைப் பிடிக்கும், முதுகுத்தண்டைப் பிடிக்கும். தரையில் ஓர் அகழாய்வாளர் காலையிலிருந்து மாலைவரை செய்யும் வேலையை இங்கே சில்லறை நிமிடங்களாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. போதாததற்கு அந்தப் பகுதியில் நீவாடு கடுமை. நீவாடு வலுத்துவிட்டால் கயிற்றைப் பிடித்துத் தொங்குவதற்கே ஆளின் பலம் சரியாகிவிடும். அன்றைய நாள் போனதுதான்.

மூழ்கி எடுப்பவர்கள் எல்லோரும் அகழாய்வாளர்கள் அல்ல. புதையல் தேடுபவனுக்குப் பொருள் போதும். அகழாய்வாளருக்குப் பொருள் கிடந்த இடம் வேண்டும். எனவே முதல் வேலை தோண்டுவதில்லை. நகராத இடங்களில் அளவுக்குறிகளை நட்டு, ஒவ்வொரு பொருளுக்கும் எண் அட்டை கட்டி, அவற்றிலிருந்து தூரம் அளக்க வேண்டும். இப்போது ஒன்றன்மேல் ஒன்று படியும்படி நூற்றுக்கணக்கில் படமெடுத்துக் கணினியில் முப்பரிமாண வரைபடமாகச் சேர்த்துவிடுகிறார்கள். கடலடியில் செலவழியும் நேரம் அதனால் மிச்சம். அப்புறம்தான் மணல். மண்வெட்டிக்கு அங்கே வேலை இல்லை. கையால் மெதுவாக விசிறிக் கிளப்பிய மணலை உறிஞ்சுகுழாய் இழுத்துத் தள்ளிக் கொட்டும். குழாயின் வாயை மணலுக்குள் நேராகச் செருகினால் சின்ன மணியும் மரச்சிராயும் மண்ணோடு போய்விடும். போனது தெரியவும் செய்யாது. அதனால் குழாயின் மறுமுனையில் சல்லடை கட்டுவார்கள். சல்லடையில் நிறையச் சிக்கினால் கீழே தோண்டுபவரின் கை அவசரப்படுகிறது என்று அர்த்தம்.

கொடவாயாவில் இவற்றைவிடப் பெரிய தலைவலி இரும்பு. சரக்கில் உலோகம் இருந்தது. இரும்பு உப்புத்தண்ணீரில் துருப்பிடிக்கும்போது சுற்றியுள்ள மணல், சிப்பி, சுண்ணாம்பு எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்துக் கட்டியாக்கிவிடும். நூற்றாண்டுகள் போகப் போகச் சரக்கு முழுதும் ஒரே பாறை. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணப் பார் என்றே தோன்றும். உளி வைத்துத் துண்டு துண்டாகப் பெயர்த்தெடுத்துக் கரையில்தான் பிரிக்க முடியும். உள்ளே இரும்பு முழுக்கக் கரைந்து வெறும் பொந்து மட்டும் மிஞ்சியிருப்பதும் உண்டு. அப்போது பொந்துக்குள் பிசினை ஊற்றி இறுகவிட்டு ஓட்டை உடைப்பார்கள். இல்லாமல்போன பொருளின் உருவம் கையில் வரும்.

மேலே வந்தவுடன் வெயிலில் காயவைத்தால் எல்லாம் பாழ். பானைக்குள் ஊறிய உப்பு படிகமாகி மேற்பரப்பைச் செதில் செதிலாக உரித்துவிடும். நல்ல தண்ணீரில் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி, மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். எப்போது போதும்? அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் விட்டுப் பார்ப்பார்கள். பால்போல் கலங்கினால் உப்பு இன்னும் இறங்குகிறது. தெளிந்து நின்றால் காயவைக்கலாம். பத்து நாள் மூழ்கிவிட்டு ஆண்டுக்கணக்கில் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்திருப்பதுதான் இந்தத் தொழில். படம் எடுக்க வருகிறவர்கள் முதல் பத்து நாளைத்தான் எடுக்கிறார்கள்.

இனிச் சரக்கு. கறுப்பு-சிவப்புப் பானைகள் கிடைத்தன, கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் பார்த்து நமக்குப் பழகிய வகை. குட்டைக்கால் வைத்த அரைக்கும் கல்பலகைகள் கிடைத்தன. நம் அம்மிக்குப் பாட்டன் முறை. அவற்றில் ஸ்ரீவத்ஸம், நந்திபாதம், மீன் என்று மங்கலச் சின்னங்கள் செதுக்கியிருந்தன. மஞ்சளோ மருந்தோ சந்தனமோ எது அரைக்க என்று தெரியாவிட்டாலும், இதை வாங்குகிறவர் யாரென்று ஊகிக்கலாம்: அந்தச் சின்னங்களை மங்கலம் என்று மதிக்கிற வீடுகள், விகாரைகள். அரபிக்கடலுக்கு அப்பாலுள்ள யவனன் இந்தக் கல்லை வாங்கப் போவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது கண்ணாடிப் பாளங்கள். பாத்திரமாகவோ மணியாகவோ ஆகாத, உருக்கி இறுகவைத்த கச்சாக் கண்ணாடி. ரோமாபுரிக் கண்ணாடி எகிப்தின் நேட்ரான் உப்பையும் சுண்ணாம்புள்ள கடற்கரை மணலையும் சேர்த்துச் செய்தது, அதில் அலுமினா குறைவு. நம் பக்கம் உவர்மண்ணிலிருந்து வரும் சோடாவையும் உள்ளூர் மணலையும் சேர்த்தார்கள், அதில் அலுமினா மிகுதி. ஆய்வுக்கூடத்தில் ஒரு சிட்டிகைத் துணுக்கைச் சோதித்தால் எந்த உலகத்துக் கண்ணாடி என்று பிரித்துவிடலாம். கொடவாயாப் பாளங்கள் இரண்டாம் வகை, தென்னிந்தியாவும் இலங்கையும் சேர்ந்த உலகத்தைச் சேர்ந்தவை.

அதற்கு என்ன பொருள் என்று பாருங்கள். உலை ஓரிடத்தில், மணி செய்யும் பட்டறை இன்னோரிடத்தில். நடுவே கடல். பாளமாக வாங்கி, உருக்கி, குழாயாக இழுத்து, நறுக்கி மணியாக்கும் வேலையில் அரிக்கமேடு கெட்டிக்கார ஊர். 1945-இல் அரிக்கமேட்டைத் தோண்டிய மார்ட்டிமர் வீலர், இத்தாலிச் சாடிகளையும் தட்டுகளையும் கண்டதும் அந்த ஊரையே ரோமானிய வணிக நிலையமாக்கிவிட்டார். வீலர் மேல் எனக்குக் கோபம் உண்டு. தோண்டும் முறையை நமக்குக் கற்றுக்கொடுத்த மனிதர், கதையை மட்டும் ஊரிலிருந்து கொண்டுவந்துவிட்டார். அன்றிலிருந்து நம் மேடைப் பேச்சாளர்களுக்கும் யவனர், மிளகு, பொன் இந்த மூன்றும் போதும் என்றாகிவிட்டது. கொடவாயாக் கப்பலில் இருந்ததோ கல், இரும்பு, பானை, கச்சாக் கண்ணாடி. அரசனுக்கான சரக்கல்ல, அடுக்களைக்கும் கொல்லனுக்கும் மணிக்காரனுக்குமான சரக்கு. எடை மிகுந்த, விலை குறைந்த இவற்றைக் கடலில் கொண்டுபோய் இலாபம் பார்க்க முடிந்தது என்றால், இந்தக் கரைகளுக்கிடையே பயணம் அதிசயமாக இருந்திருக்காது. யவனர் வந்து சேர்ந்தது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வண்டியில்.

கப்பல் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது? கண்ணாடி இரு கரைக்கும் பொது என்பதால் அதை வைத்துச் சொல்ல முடியாது. இம்மாதிரி வேளையில் அகழாய்வாளர்கள் சரக்கை விட்டுவிட்டு ஆட்களின் பொருளைத் தேடுவார்கள். ஒரே மாதிரி வரிசையாக அடுக்கியிருந்தால் சரக்கு. ஒன்றே ஒன்று கிடந்து, அடியில் கரி பிடித்திருந்தால் அது மாலுமியின் சோற்றுப்பானை. எந்த ஊர் மண்ணில் அது வனையப்பட்டதோ அந்த ஊர்க்காரன் அவன் என்று பெரும்பாலும் சொல்லலாம். சரக்குப் பாறை முழுதும் பிரிந்தபின் அப்படி ஒரு பானை அடையாளமானால் விவாதம் முடிந்துவிடும். அதுவரை என் பந்தயம் வடக்கே, அரிக்கமேட்டுப் பக்கம். மணி இழுக்கத் தெரிந்த கைகள் அங்கே இருந்தன, பாளம் இங்கே கிடக்கிறது. இதற்கு மேல் என்னிடம் ஆதாரம் கேட்டால் கிடையாது.