எதிர்பார்ப்பைக் கைவிடலாமா? வங்கிச் சேவைத்தர இடைவெளி மாதிரியின் வரலாற்றில் ஒரு மறுவாசிப்பு

வங்கிக் கிளையின் சேவைத்தரத்தை அளப்பதற்கு வாடிக்கையாளரின் எதிர்பார்ப்பைக் கேட்கவே வேண்டாம், அவர் பெற்ற அனுபவத்தைக் கேட்டால் போதும் என்று 1992இல் குரோனினும் டெய்லரும் வாதிட்டனர். ‘சர்வ்பெர்ஃப்’ எனப்படும் அவர்களுடைய அளவுகோல் கேள்விகளைப் பாதியாகக் குறைத்ததால் ஆய்வாளர்களிடையே எளிதில் பரவியது. அந்த முடிவு அதன் சான்று தாங்கும் எல்லையைத் தாண்டிப் போகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சென்னை ஐஐடியில் படித்த அ. பரசுராமனும், அவருடன் சைதாமலும் பெர்ரியும் 1985இல் இடைவெளி மாதிரியை முன்வைத்தனர். 1988இல் அதிலிருந்து 22 கூற்றுகள் கொண்ட ‘சர்வ்குவால்’ அளவுகோல் பிறந்தது. ஒவ்வொரு கூற்றையும் எதிர்பார்ப்புக்கு ஒருமுறையும் அனுபவத்துக்கு ஒருமுறையும் ஏழு புள்ளி அளவில் கேட்டு, அனுபவ மதிப்பிலிருந்து எதிர்பார்ப்பு மதிப்பைக் கழிப்பார்கள்.

குரோனினும் டெய்லரும் வங்கி, பூச்சி ஒழிப்பு, சலவை, துரித உணவு ஆகிய நான்கு துறைகளில் இதைச் சோதித்தனர். ஒட்டுமொத்தத் தர மதிப்பீட்டை அனுபவ மதிப்பெண் மட்டுமே கழித்த மதிப்பெண்ணைவிட நன்றாக விளக்கியது. இதில் வியப்பில்லை. எல்லோரும் எதிர்பார்ப்புக்கு ஏழு போட்டால், கழித்தாலும் கழிக்காவிட்டாலும் வாடிக்கையாளர்களின் வரிசை மாறாது. எதிர்பார்ப்பு அங்கே புதிதாக எதையும் சேர்ப்பதில்லை.

ஆனால் அவர்கள் சோதித்தது எந்தப் பாடம்? 1988 பாடத்தில் உடனடி உதவி, தனிக்கவனம் ஆகிய இரு கூறுகளின் ஒன்பது கூற்றுகளும் எதிர்மறையில் இருந்தன. சேவை எப்போது முடியும் என்று ஊழியர்கள் துல்லியமாகச் சொல்ல வேண்டும் என எதிர்பார்க்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. உருவாக்கியவர்களே 1991இல் இந்த எதிர்மறைகளை நீக்கி, சிறந்த நிறுவனங்கள் என்ன செய்யும் என்று நேராகக் கேட்கும்படி திருத்தினார்கள். குரோனினும் டெய்லரும் எடுத்துக்கொண்டது பழைய பாடத்தை.

மதுரையை அடுத்த கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் சிறு பட்டறை நடத்தும் ஒருவரைக் கற்பனையாக வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஓவர்டிராஃப்ட் வரம்பைப் புதுப்பிக்க ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். கிளையில் ஆள் குறைவு என்பது அவருக்குத் தெரியும். அதனால் அந்த எதிர்மறைக் கூற்றை ஓரளவு ஒப்புக்கொண்டு ஐந்து போடுகிறார். திருப்பிக் கணக்கிட்டால் எட்டிலிருந்து ஐந்து போக, எதிர்பார்ப்பு மூன்று. அனுபவத்துக்கும் திருப்பிய பின் ஐந்து கிடைத்தால் இடைவெளி கூட்டல் இரண்டு. கிளை எதிர்பார்ப்பை மிஞ்சிவிட்டது. அதே மனிதரிடம் 1991 பாடத்தைக் கொடுத்தால், சிறந்த வங்கி தேதியைச் சொல்லும் என்பதற்கு ஏழு போடுவார். அனுபவம் அதே ஐந்து. இடைவெளி கழித்தல் இரண்டு. வாடிக்கையாளரும் கிளையும் மாறவில்லை, முடிவு தலைகீழாகிவிட்டது.

இது 1992 முடிவு முழுவதையும் தகர்த்துவிடும் என்று சொல்ல மாட்டேன். எதிர்மறை வடிவம் அனுபவக் கூற்றுகளிலும் இருந்தது. பழுதில் எவ்வளவு பங்கு கூற்றுகளின் வடிவத்துக்கு, எவ்வளவு கழித்தலுக்கு என்று அந்தத் தரவைக் கொண்டு பிரிப்பது கடினம். அனுபவ மதிப்பெண்ணே நன்றாகக் கணிக்கிறது என்பதை 1994இல் பரசுராமன் குழுவும் ஏற்றுக்கொண்டது. எங்கே பழுது என்று காட்ட இடைவெளி வேண்டும் என்பதே அவர்கள் பதில். அந்தப் பதில் சரி என்றே கருதுகிறேன்.

ஏனென்றால் மாதிரியில் வாடிக்கையாளர் உணரும் இடைவெளி ஐந்தாவதுதான். அதற்குக் காரணமான நான்கு இடைவெளிகள் வங்கிக்குள் இருக்கின்றன. தேதி தெரிவதே பட்டறைக்காரருக்கு முக்கியம் என்பது மேலாளருக்குத் தெரியாவிட்டால் அது முதல் இடைவெளி. தெரிந்தும் கால வரையறை வகுக்காவிட்டால் இரண்டாவது. வகுத்தும் ஆளில்லாமல் தவறினால் மூன்றாவது. முடியாததை விளம்பரத்தில் சொல்லியிருந்தால் நான்காவது. ஐந்து என்ற அனுபவ மதிப்பெண் மட்டும் கையில் இருந்தால், இந்தத் தேடலை எந்தக் கூற்றிலிருந்து தொடங்குவது என்றே தெரியாது.

இந்திய வங்கித்துறை இந்த இரண்டாவது இடைவெளியைத் தன் வழியில் அணுகியிருக்கிறது. 1990இல் அமைந்த கோய்போரியா குழு, வங்கி வேலை நேரம் தொடங்கக் கால் மணி நேரம் முன்பே ஊழியர்கள் வர வேண்டும் என்பது போன்ற விதிகளைப் பரிந்துரைத்தது. விதி இருக்கிறது, அது கிளையில் நடக்கிறதா என்பது மூன்றாவது இடைவெளியின் கேள்வி. பின்னாளில் சென்னை ஐஐடியின் சுரேஷ்சந்தர், ராஜேந்திரன், அனந்தராமன் மூவரும் இந்திய வங்கிகளுக்கெனத் தனி அளவுகோல் வகுத்து, சமூகப் பொறுப்பையும் அதில் ஒரு கூறாகச் சேர்த்தனர். கூறுகள் எத்தனை என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

கிளைகளை ஆராய்வோர் எந்த ஆண்டின் பாடத்தைப் பயன்படுத்தினார்கள் என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். 22 இடைவெளிகளையும் ஒரே சராசரியாக்காமல் கூற்றுவாரியாகத் தர வேண்டும். எதிர்பார்ப்பை நீக்கிய அளவுகோல் கிளைகளைத் தரவரிசைப்படுத்த உதவும். ஒரு கிளையைச் சீர்படுத்த உதவாது.