சதுர அலையின் ஃபூரியர் தொடர்

நேர்மட்டத்திலிருந்து எதிர்மட்டத்திற்குத் திடீரெனத் தாவி, சம கால இடைவெளியில் மீண்டும் மேலேறும் சதுர அலையானது, பிரெஞ்சு கணித மேதை ஃபூரியர் வெப்பத்தைப் பற்றி 1822-இல் வெளியிட்ட நூலில் விளக்கிய முறைப்படி, முடிவில்லாத சைன் அலைகளின் கூட்டுத்தொகையாகப் பிரிக்கப்படும். உயரங்களை +1, −1 எனக் கொண்டால் தொடர் இவ்வாறு அமையும்:

(4/π)(sin x + (1/3) sin 3x + (1/5) sin 5x + …)

முதலுறுப்பு அடிப்படை அலை. ஏனையவை அதன் ஒற்றைப்படைச் சீரிசைகள். அலையின் செங்குத்தான விளிம்பை உருவாக்குபவை உயர் சீரிசைகளே.

ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கடத்தும் தொலைபேசித் தடத்தில், வினாடிக்கு 2000 பிட் வேகத்தில் 1, 0 என்று மாறிமாறித் துடிப்புகளை அனுப்புவதாகக் கொள்வோம். ஒரு சுழற்சிக்கு இரண்டு பிட் ஆதலால் அடிப்படை அலை 1000 ஹெர்ட்ஸ். மூன்றாம் சீரிசை 3000, ஐந்தாவது 5000. ஐந்தாவதும் அதற்கு மேற்பட்டவையும் தடுக்கப்பட, எஞ்சிய இரண்டும் சிதைவின்றிச் சேர்ந்தால், தட்டையாயிருந்த துடிப்பின் உச்சி நடுவில் 0.85 ஆகத் தாழ்ந்து, இருபுறமும் 1.2 உயரத்தில் திமில்களாக எழுவதை அலைகாட்டித் திரையிலே தெளிவாகக் காணலாம். விளிம்போ செங்குத்தை இழந்து சரிவாகிவிடும்.

வேகத்தை 4000 ஆக்கினால் மூன்றாம் சீரிசையும் 6000 ஹெர்ட்ஸுக்குச் சென்று மறைய, 2000 ஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்றே வந்துசேரும். உருவம் முற்றிலும் உருண்டுபோயினும் செய்தி அழிவதில்லை என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது; ஏனெனில் பெறும் கருவி ஒவ்வொரு பிட்டின் மத்தியிலும் குறியை மட்டும் பார்த்து 1 அல்லது 0 எனத் தீர்மானிக்கிறது. 8000 பிட்டில் அடிப்படை அலையே 4000 ஹெர்ட்ஸாகி எல்லையைக் கடப்பதால், மறுமுனைக்கு ஏதும் எட்டாது.