ஒரு விரற்கடை இடைவெளி

நீலகிரி மாவட்டத்தில் கூடலூரிலிருந்து பந்தலூருக்குச் செல்லும் வழியில் தேவாலா இருக்கிறது. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். பறித்த கொழுந்தை நசுக்கிக் கிழித்துச் சுருட்டுவதற்குத் தேயிலைத் தொழிற்சாலைகளில் சி.டி.சி. என்னும் இயந்திரம் உண்டு. பல் வெட்டிய இரண்டு உருளைகள் ஒன்றையொன்று உரசினாற்போல், வெவ்வேறு வேகத்தில், எதிரெதிராகச் சுழலும். உருளைகளும் மற்ற இயந்திரப் பாகங்களும் நாளடைவில் தேய்கின்றன. தேய்ந்த இரும்பு, கண்ணுக்குத் தெரியாத துகள்களாகத் தேயிலைத் தூளில் கலந்துவிடுகிறது. அதை நாம் குடிக்காமலிருக்க, உலர்ந்த தூளைக் காந்தங்களுக்கு அருகே ஓடவிடுகிறார்கள்.

தூளை மெல்லிய படலமாகப் பரப்பித்தான் ஓடவிட வேண்டும். கனமான குவியலாக விட்டால் அடியிலுள்ள இரும்பு பிடிபடாமல் போய்விடும். தூள் காந்தத்தை மறைப்பதில்லை. காந்தத்தைப் பொறுத்தவரை தேயிலைத் தூளும் காற்றும் ஏறக்குறைய ஒன்றே. அப்படியிருக்க, ஒரு விரற்கடை இடைவெளி இத்தனை வேறுபாட்டை ஏன் உண்டாக்க வேண்டும்? இக்கேள்விக்கு விடை காண, காந்தத்தின் பலத்தை மனிதன் அளக்கத் தொடங்கிய காலத்துக்கு நாம் செல்ல வேண்டும்.

முதல் மின்காந்தம்

1825-ஆம் ஆண்டில் வில்லியம் ஸ்டர்ஜன் என்ற ஆங்கிலேயர், குதிரை இலாட வடிவில் வளைத்த ஒரு தேனிரும்புக் கம்பியை இலண்டனில் காட்டினார். அரை அங்குல விட்டமுள்ள அக்கம்பியின் எடை சுமார் 200 கிராம். அதன்மேல் அரக்குப் பூசி, உறையில்லாத செப்புக் கம்பியை 18 சுற்றுகள் இடைவிட்டுச் சுற்றியிருந்தார். மின்னோட்டம் பாய்ந்ததும் அது 9 பவுண்டு, அதாவது 4 கிலோவுக்குச் சற்று மேல், தூக்கிற்று. தன் எடையைப்போல் 20 மடங்கு! மின்னோட்டத்தை நிறுத்தியதும் சுமை கீழே விழுந்தது.

அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி கம்பிக்குப் பட்டுநூல் உறையிட்டார். சுற்றுகளை நெருக்கமாகவும், ஒன்றின்மேல் ஒன்றாகவும் சுற்ற இதனால் வழி பிறந்தது. 1831-இல் யேல் கல்லூரிக்காக அவர் செய்த மின்காந்தத்தின் எடை 27 கிலோ. அது தாங்கிய சுமை 2,063 பவுண்டு, ஏறக்குறைய 936 கிலோ. சுற்றுகளைக் கூட்டினால் பலம் கூடும் என்பதை இது எல்லோருக்கும் காட்டியது. அப்படியானால் கூட்டிக்கொண்டே போகலாமா? எல்லையே இல்லையா?

ஜூல் செய்த காந்தம்

இக்கேள்வியை எடுத்துக்கொண்டவர் ஜேம்ஸ் ஜூல். வெப்பத்தையும் வேலையையும் இணைத்தவர் என்று பாடநூல்களில் நீங்கள் படித்த அதே ஜூல்தான். மான்செஸ்டருக்கு அருகே மது வடிக்கும் ஆலை நடத்திய குடும்பத்தில் பிறந்த அவருக்கு 1840-இல் வயது 21. நீராவி எஞ்சினுக்குப் பதிலாக மின்காந்தங்களால் ஓடும் எஞ்சினைச் செய்துவிட முடியும் என்று அவர் நம்பியிருந்தார். அதற்குக் காந்தத்தின் இழுவிசை எதைப் பொறுத்தது என்பது தெரிந்தாக வேண்டும்.

அவர் செய்த காந்தம் பார்ப்பதற்கு இலாடம்போல் இல்லை. 8 அங்குல நீளமுள்ள தடித்த தேனிரும்பு உருளை ஒன்றை எடுத்து, அதன் அச்சு வழியே ஒரு துளையிட்டார். பிறகு உருளையின் ஒரு பக்கத்தை, துளை வெளியே தெரியும்வரை, நீளவாக்கில் இழைத்துத் தட்டையாக்கினார். இப்போது துளையின் இருபுறமும் நீண்ட இரண்டு தட்டையான விளிம்புகள் கிடைத்தன. அவையே இரு துருவங்கள். துளை வழியாகக் கம்பியைச் சுற்றி, அதேபோல் இழைத்த இன்னோர் இரும்புப் பட்டையைத் துருவங்களின்மேல் பொருத்தினார். நீளமான இரும்புப் பாதைக்குப் பதில் குறுகிய பாதை. கம்பிபோன்ற துருவங்களுக்குப் பதில் அகன்ற துருவங்கள். இக்காந்தம் 2,090 பவுண்டு, அதாவது 948 கிலோ தாங்கிற்று. காந்த இரும்பின் எடையோ ஏழு கிலோ அளவுதான்.

பல அளவுகளில் காந்தங்களைச் செய்து பார்த்த ஜூல் ஒரு முடிவுக்கு வந்தார். ஒரு காந்தத்தின் மிகப்பெரிய இழுவிசை அதன் நீளத்தையோ எடையையோ பொறுத்ததன்று. காந்தப் பாதையின் மிகக் குறுகிய குறுக்குவெட்டுப் பரப்பையே பொறுத்தது. மின்னோட்டத்தைக் கூட்டும்போது முதலில் விசை வேகமாக உயர்கிறது. பின்னர், எவ்வளவு கூட்டினாலும் மிகச் சிறிதே உயர்கிறது. இரும்பு தெவிட்டிவிடுகிறது.

காந்த அழுத்தம்

பரப்பைப் பொறுத்த விசை என்றால் அதை அழுத்தம்போல் எண்ணலாம் அல்லவா? 1873-இல் வெளிவந்த தம் நூலில் மாக்ஸ்வெல் இதைக் கணக்காக்கினார். காந்த விசைக் கோடுகள் இழுத்துக் கட்டிய இரப்பர்க் கயிறுகளைப்போல் நீளவாக்கில் சுருங்க முயல்கின்றன. இடைவெளியின் இரு முகங்களையும் ஒன்றோடொன்று சேர்க்கப் பார்க்கின்றன என்று கொள்ளலாம்.

கணக்கு கடினமானதன்று. காந்தத்திலிருந்து பட்டையை, விசைக் கோடுகளின் எண்ணிக்கை மாறாதபடி, மிகச் சிறிதளவு விலக்குவதாகக் கொள்வோம். புதிதாக உண்டான இடைவெளியில் காந்தப் புலம் நிறைகிறது. அப்புலத்தில் ஒவ்வொரு கன மீட்டரிலும் B²/2μ₀ அளவு ஆற்றல் உண்டு. இந்த ஆற்றல் எங்கிருந்து வந்தது? நாம் இழுத்துச் செய்த வேலையிலிருந்துதான். வேலை என்பது விசையையும் விலகிய தூரத்தையும் பெருக்கியது. ஆற்றல் என்பது பரப்பையும் தூரத்தையும் B²/2μ₀-வையும் பெருக்கியது. தூரம் இருபுறமும் அடிபட்டுப் போகிறது. எனவே,

F = B²A / 2μ₀

இதில் B என்பது இடைவெளியிலுள்ள புலம். A என்பது துருவ முகங்களின் மொத்தப் பரப்பு. Μ₀ என்பது 4π × 10⁻⁷. புலம் 1 டெஸ்லாவாக இருந்தால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய 4 கிலோ எடைக்குச் சமமான இழுவிசை கிடைக்கும். இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இப்போது ஜூலின் காந்தத்துக்கு வருவோம். அதன் குறுகிய குறுக்குவெட்டுப் பரப்பு 10 சதுர அங்குலம். இரண்டு துருவங்களுக்கும் சேர்த்து 20 சதுர அங்குலம், அதாவது 129 சதுர செ.மீ. என்று கொள்வோம். 948 கிலோவை 129-ஆல் வகுத்தால் சதுர செ.மீ.க்கு 7.35 கிலோ. இதை 4.06-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.35 டெஸ்லா. தம் காந்தத்தின் புலத்தை அளக்க ஜூலிடம் கருவி எதுவும் இல்லை. ஆனால் அவர் தொங்கவிட்ட சுமையே நமக்கு அதைச் சொல்லிவிடுகிறது! ஸ்டர்ஜனின் இலாடத்துக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்: சுமார் 0.63 டெஸ்லா வரும்.

எல்லையும் இங்கேயே தெரிகிறது. இரும்பு 2 டெஸ்லாவைச் சற்றுத் தாண்டும்போது முற்றும் தெவிட்டிவிடும். அந்நிலையில் இழுவிசை சதுர செ.மீ.க்கு 18, 19 கிலோ. அதற்குமேல் வேண்டுமானால் சுற்றுகளைக் கூட்டிப் பெரும் பயனில்லை. பரப்பைத்தான் கூட்ட வேண்டும்.

இடைவெளி செய்யும் வேலை

இதுவரை கண்டதெல்லாம் பட்டை காந்தத்தோடு ஒட்டியிருந்தபோது. நடுவே இடைவெளி வந்தால் என்ன ஆகும்? விசைக் கோடுகள் இரும்பினுள் எளிதாகச் செல்லும். காற்றில் செல்வதற்கோ மின்சுற்று பெரும்பாடு பட வேண்டும். இரும்பின் பங்கை விட்டுவிட்டால், இடைவெளியிலுள்ள புலம்

B = μ₀NI / 2g

என்று கிடைக்கிறது. NI என்பது சுற்றுகளின் எண்ணிக்கையையும் ஆம்பியரையும் பெருக்கியது. ஒவ்வொரு துருவத்தின் முன்னும் g அளவு இடைவெளி இருப்பதால் 2g வருகிறது.

ஜூலினுடையதைப்போல் 129 சதுர செ.மீ. துருவப் பரப்பும், 1,000 ஆம்பியர்-சுற்றுகளும் உள்ள ஒரு காந்தத்தை எடுத்துக்கொள்வோம். இடைவெளி அரை மில்லிமீட்டர் என்றால் புலம் 1.26 டெஸ்லா, தாங்கும் எடை சுமார் 826 கிலோ. இடைவெளியை 1 மி.மீ. ஆக்குங்கள். புலம் பாதியாகிறது, விசை புலத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால் கால்பங்காகிறது: 207 கிலோ. 2 மி.மீ. என்றால் 52 கிலோ. 5 மி.மீ. என்றால் 8 கிலோவுக்குச் சற்று மேல்! மின்னோட்டம் சிறிதும் குறையவில்லை. இடைவெளி மட்டுமே வளர்ந்தது. அகன்ற இடைவெளியில் விசைக் கோடுகள் பக்கவாட்டில் பரவிவிடுவதால் இக்கணக்கு அங்கே தோராயமானதே.

ஜூல் தம் துருவங்களையும் பட்டையையும் அத்தனை கவனமாக இழைத்ததன் பொருள் இப்போது விளங்கும். இரும்பாலைகளில் பழைய இரும்பைத் தூக்கும் மின்காந்தங்களிலும் இதே நிலைதான். தடித்த தட்டையான இரும்புப் பாளத்தை எளிதில் தூக்கும் காந்தம், துருவும் மேடுபள்ளமுமான கழிவிரும்புக் குவியலில் அதில் சிறுபகுதியையே தூக்குகிறது. இரும்பு இருந்தும், நடுவே காற்றும் இருக்கிறதே!

தேயிலைத் தொழிற்சாலைக்குத் திரும்பினால் ஒரு திருத்தம் தேவை. நாம் கண்ட சூத்திரம் துருவத்தை முழுதும் மூடும் இரும்புக்கு உரியது. நுண்ணிய துகளுக்கு அதை அப்படியே போட முடியாது. சீரான புலம் ஒன்றில் துகளை வைத்தால் அது காந்தமாகுமே தவிர நகராது. அதை நகர்த்துவது புலம் இடத்துக்கு இடம் மாறும் வேகம். எனவே துகளின்மீது செயல்படும் விசை, புலத்தையும் அது தூரத்தோடு குறையும் வேகத்தையும் பெருக்கியதைப் பொறுத்தது. காந்தத்தை விட்டு விலகும்போது இவை இரண்டும் சேர்ந்தே குறைகின்றன. துகள் சிறிதோ பெரிதோ, விசையும் எடையும் அதன் பருமனைப் பொறுத்தே அமைவதால், சிறிய துகள் என்ற சலுகையும் கிடைப்பதில்லை. மேலேயுள்ள தூளின் தடையும் சேர்ந்துகொள்கிறது. அங்கே வேலை செய்பவை பெரும்பாலும் நிலைக்காந்தங்களே. ஆயினும் மெல்லிய படலத்தின் காரணம் இதுதான்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். 1 செ.மீ. தடிமனுள்ள யு-வடிவ இரும்புக் கம்பியில் எனாமல் பூசிய செப்புக் கம்பியை 200 சுற்றுகள் சுற்றி, அதன் முனைகளை அரத்தால் தட்டையாக்குங்கள். 1 ஆம்பியர் மின்னோட்டத்தைச் சில விநாடிகள் மட்டும் செலுத்துங்கள். நெடுநேரம் விட்டால் கம்பி சூடாகும். தட்டையான இரும்புப் பட்டை ஒன்றை ஒட்டவைத்து, சுருள்வில் தராசால் இழுத்து, அது விடுபடும் விசையைக் குறியுங்கள். பிறகு துருவத்துக்கும் பட்டைக்கும் நடுவே 4 தாள்கள், 8 தாள்கள் என்று வைத்து அளந்துபாருங்கள். 4 தாளிலிருந்து 8 தாளுக்குப் போகும்போது விசை ஏறக்குறைய கால்பங்காக வேண்டும். அவ்வளவு குறையவில்லையானால், முனைகள் சரியாக இழைக்கப்படவில்லை என்று கொள்ளலாம். தாள் வைப்பதற்கு முன்பே அங்கே ஓர் இடைவெளி இருந்திருக்கிறது.